ஐந்து மாதம் எந்த நாளிலிருந்து? அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தால்

வைகைக்கரை:
எம்.எஸ். இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டு மே 18 அன்று அமெரிக்காவிலிருந்து கிளம்பி மதுரைக்கு வந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம், கூட இருந்து பார்க்க என்னைத் தவிர ஆள் இல்லை. ஆகஸ்ட் 24 அன்று தொடங்கும் ஃபால் செமஸ்டரை விட்டுவிட்டு ஜனவரி 12 அன்று ஸ்பிரிங்குக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். போன வாரம் இங்கே கொங்கு ராஜா அண்ணா, "விசா 2029 வரை இருக்கிறது, விடுப்பு ஐந்து மாதத்துக்குள்தான், ஒன்றும் ஆகாது" என்று எழுதியிருந்தார். அது எனக்கும் பொருந்துமா? கற்பித்தல் உதவியாளராகப் பார்க்கும் டிஏ வேலையும் சீட்டும் என்ன ஆகும்?

செல்வி ஓஹையோ:
அந்தப் பதிவைப் படித்ததிலிருந்தே எனக்கு ஆறவில்லை. பொருந்தாதும்மா. அதே மாணவர் தகுதியோடு திரும்ப உனக்கு இருக்கும் ஐந்து மாதம் நீ அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து ஓடுகிறது. மே 18 அன்று கிளம்பினாய், அக்டோபர் 18 அன்று ஐந்து மாதம் முடிந்துவிடும். ஜனவரி 12 அன்று நீ போய் நிற்கும்போது கிட்டத்தட்ட எட்டு மாதம். பாஸ்போர்ட்டில் விசா 2029 வரை இருக்கலாம். ஆனால் விசா தேதி என்பது எஃப்-1 தகுதி இல்லை.

கொங்கு ராஜா:
வந்துவிட்டார்கள் மேடம், பயமுறுத்த. கோடை விடுமுறை என்பது மாணவனின் உரிமை, அதை எப்படி விடுப்பில் சேர்ப்பீர்கள்? விடுப்பு ஆகஸ்ட் 24 அன்றுதான் தொடங்குகிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடான செவிஸில் அந்தத் தேதியில்தான் பதிவை மூடுவார்கள். அங்கிருந்து எண்ணினால் ஜனவரி 24 வரை இடம் இருக்கிறது. நானே விடுப்பு எடுத்தவன். கல்லூரி தந்த அதே ஐ-20 படிவம், அதே விசாவில்தான் திரும்பி வந்தேன்.

செல்வி ஓஹையோ:
ராஜா, நீங்கள் எந்தத் தேதியில் கிளம்பினீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

கொங்கு ராஜா:
செப்டம்பர் 20 அன்று கிளம்பி ஜனவரி 10 அன்று திரும்பினேன். மறைக்க ஒன்றுமில்லை.

செல்வி ஓஹையோ:
நான்கு மாதம்கூட ஆகவில்லை. கிளம்பிய நாளிலிருந்து எண்ணினாலும் சரி, பதிவு மூடிய நாளிலிருந்து எண்ணினாலும் சரி, நீங்கள் உள்ளேதான். உங்கள் கதை இந்தக் கேள்விக்குச் சாட்சியே ஆகாது. ஒழுங்குமுறை 8 CFR 214.2(f)(4) எடுத்துப் படியுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே தற்காலிகமாக இருந்து ஐந்து மாதத்துக்குள் திரும்புபவரைத்தான் அது பேசுகிறது. வகுப்பு எப்போது தொடங்கியது, செவிஸில் எப்போது மூடினார்கள் என்ற பேச்சே அதில் இல்லை. நாட்டைவிட்டுக் கிளம்பிய நாள்தான் கணக்கு.

தஞ்சை அப்பா:
ஐயா, அம்மா, என் மகனுக்கும் இதே பிரச்சினை. இந்த ஆகஸ்டில் சேர வேண்டும், ஐ-20 வந்துவிட்டது, விசாவும் குத்தியாகிவிட்டது. வீட்டுச் சூழ்நிலையால் ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டும். அவனுக்கும் அந்த ஐந்து மாதம் உண்டா? கல்லூரி தருவதாகச் சொன்ன உதவித்தொகை அப்படியே இருக்குமா?

செல்வி ஓஹையோ:
சார், உங்கள் மகன் இன்னும் அங்கே போகவே இல்லை, அவனுக்கு ஐந்து மாதக் கணக்கு கிடையாது. துறை தள்ளிவைக்க ஒப்புக்கொண்டால், செவிஸில் தொடக்கத் தேதியை மாற்றிப் புது ஐ-20 தருவார்கள். மேலே இருக்கும் N என்று தொடங்கும் எண் பழையதாகவே இருக்கிறதா என்று பாருங்கள். அதே எண் என்றால் கட்டிய 350 டாலர் செவிஸ் கட்டணத்தைத் திரும்பக் கட்ட வேண்டாம், குத்திய விசாவும் பொதுவாகச் செல்லும். ஆனால் புதுத் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே போக முடியாது.

உதவித்தொகைதான் ஆபத்து. சீட்டைத் தள்ளிவைக்கும் கடிதத்தில் பணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், பணம் தள்ளிவைக்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்குப் பட்டப்படிப்பு அலுவலகம், பணத்துக்குத் துறை. இரண்டு பேரிடமும் தனித்தனியாக மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

தஞ்சை அப்பா:
நன்றி அம்மா. பேராசிரியர் ஃபோனில் "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அது போதுமா?

செல்வி ஓஹையோ:
போதாது சார். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன் அப்படி ஃபோன் பேச்சை நம்பி ஒரு வருடம் கழித்து வந்து நின்றான். அந்தப் பேராசிரியர் விடுப்பில் போயிருந்தார். அந்தப் பணம் வேறு ஒரு மாணவருக்குப் போயிருந்தது.

கொங்கு ராஜா:
கேட்டவளை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்விட்டீர்கள். ஐந்து மாதக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் பேச்சை மாற்றுவது உங்கள் வழக்கம். போன வருடம் படிப்பை ஒட்டிய வேலை அனுமதியான ஓபிடி பற்றிய திரியிலும் இப்படித்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை. என் கல்லூரி கொடுத்த கடிதத்தில் "பதிவு மூடிய தேதியிலிருந்து ஐந்து மாதம்" என்று அச்சடித்தே இருக்கிறது. கல்லூரிக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

செல்வி ஓஹையோ:
அந்தக் கடிதத்தை நானும் பார்த்திருக்கிறேன், பல கல்லூரிகள் அப்படி எழுதுகின்றன. காரணம் எளிது. செமஸ்டர் நடுவில் விலகுகிறவரின் பதிவை அனுமதித்த விலகல் என்று மூடினால், அவர் 15 நாளுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் பதிவு மூடுகிற நாளும் கிளம்புகிற நாளும் அநேகமாக ஒன்றாகவே விழும். எந்தத் தேதியை எழுதினாலும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் வித்தியாசம் வருகிறது. மே 18 அன்று கிளம்பியவளுக்கு ஆகஸ்ட் 24 அன்று எண்ண ஆரம்பிப்பது எந்த ஊர் நியாயம்? கிளம்பிய நாள்தான். திரும்பவும் சொல்கிறேன், கிளம்பிய நாள்.

குமரி நெய்தல்:
எதற்கு இவ்வளவு சண்டை? நான் விடுப்பு எடுத்தபோது நாட்டைவிட்டே போகவில்லை. முதுகில் அறுவைசிகிச்சை, ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு பாடமும் எடுக்காமல் அறையிலேயே படுத்திருந்தேன். தகுதி போகவில்லை, புது ஐ-20 இல்லை, ஒன்றுமில்லை. வைகைக்கரையும் அதையே கேட்கலாமே.

செல்வி ஓஹையோ:
உங்களுக்கு நடந்தது சரியான வழிதான். ஆனால் அது மாணவருடைய சொந்த உடல்நலத்துக்கு மட்டும். மருத்துவர் கடிதத்தைப் பார்த்து கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியான டிஎஸ்ஓ முன்கூட்டியே அனுமதித்தால், ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை பாடத்தைக் குறைத்துக்கொண்டோ, எடுக்காமலோ அங்கேயே இருக்கலாம். அப்பாவின் நோய்க்கு அது கிடையாது.

கொங்கு ராஜா:
சரி, உங்கள் கணக்கே இருக்கட்டும். ஆகஸ்டில் ஒரு டிக்கெட் போட்டுப் போய், இரண்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்து, அப்புறம் விடுப்பு வாங்கிக்கொண்டு செப்டம்பரில் திரும்பட்டும். கிளம்பிய நாள் புதிதாகிவிடும். ஜனவரி 12 நான்கு மாதத்திலேயே வந்துவிடும். இதற்கு என்ன சொல்கிறீர்கள் மேடம்?

செல்வி ஓஹையோ:
பார்த்தீர்களா, நீங்களே கிளம்பிய நாளிலிருந்துதான் எண்ணுகிறீர்கள். இந்த யோசனையை அந்தப் பெண்ணுக்குச் சொல்லாதீர்கள். படிக்கப் போகிறேன் என்று சொல்லி உள்ளே நுழையும்போதே படிக்கிற எண்ணம் இல்லை என்றால், அதிகாரி கேட்கும் முதல் கேள்வியிலேயே அவள் பொய் சொல்ல வேண்டிவரும். கட்டணத்தைத் திருப்பித் தரும் தேதி தாண்டினால் அந்தப் பணமும் போகும். பக்கவாதத்தில் கிடக்கும் அப்பாவை இரண்டு வாரம் யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்?

கொங்கு ராஜா:
யோசனை சொன்னால் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. அப்பா தேறினால் படிப்பாள், தேறாவிட்டால் திரும்புவாள் என்றுதான் சொன்னேன். வார்த்தையைத் திரிக்காதீர்கள்.

வைகைக்கரை:
அக்கா, அண்ணா, தயவுசெய்து சண்டை வேண்டாம். ஐந்து மாதம் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு உண்மையில் என்ன நஷ்டம்? சேரவே முடியாதா?

செல்வி ஓஹையோ:
சேரலாம்மா, கதவு மூடவில்லை. புது ஐ-20 வேண்டும், அதில் புது N எண் இருக்கும். 350 டாலர் மறுபடி கட்ட வேண்டும். பழைய விசா தேதி மிச்சம் இருந்தாலும் புது விசா எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு, அதற்கு 185 டாலரும் நேர்காணலுக்கான காத்திருப்பும். சென்னையில் இடம் கிடைக்கத் தாமதமாகலாம், அதனால் புது ஐ-20ஐ அக்டோபரிலேயே கேட்டு வை.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு. புது எண்ணில் நீ முதல் நாள் மாணவி. படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் செய்யும் அனுமதியான சிபிடிக்கும் ஓபிடிக்கும் தேவையான ஒரு முழுக் கல்வியாண்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். நீ ஜனவரியில் போனால் அடுத்த கோடை இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு செமஸ்டர்தான் ஆகியிருக்கும், அது கைவிட்டுப் போகும். உனக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் பாக்கி என்பதால் படிப்பு முடியும்போது ஓபிடிக்கு ஆண்டு நிறைந்துவிடும். ஒரே செமஸ்டர் பாக்கி இருந்திருந்தால் ஓபிடியே கேள்விக்குறி ஆகியிருக்கும்.

சீட்டுக்கு விடுப்புப் படிவத்தை ஆகஸ்ட் 24க்கு முன்னால் கொடு. டிஎஸ்ஓவிடமும் சொல்லிவிடு. சொல்லாமல் இருந்தால் சேரத் தவறியவள் என்று பதிவை மூடுவார்கள், அடுத்த நேர்காணலில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். Authorized Early Withdrawal என்று மூடினால் அந்தச் சங்கடம் குறைவு. டிஏ செமஸ்டர் ஒப்பந்தம், ஃபாலுக்கு வேறு ஒருவருக்குப் போகும். ஸ்பிரிங்கில் திரும்பக் கிடைக்குமா என்று துறை ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேள்.

குமரி நெய்தல்:
வங்கிக் கடன் இருந்தால் அவர்களிடமும் சொல்லும்மா. படிப்பு முடியும் தேதி தள்ளிப்போவதை நான் சொல்லாமல் விட்டேன். அறையில் படுத்திருந்தபோது தவணை கேட்டு அம்மாவுக்கு ஃபோன் மேல் ஃபோன்.

கொங்கு ராஜா:
கடைசி வரை மேடம் ஒன்றை ஒப்புக்கொள்ளவில்லை. கோடை விடுமுறையில் மாணவன் தகுதியோடுதான் இருக்கிறான். தகுதியோடு இருந்த நாட்களைத் தகுதி இழந்த கணக்கில் சேர்ப்பது அநியாயம். பதிவு மூடிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், என் கடிதம் கையில் இருக்கிறது.

செல்வி ஓஹையோ:
தகுதி வேறு, நாட்டுக்கு வெளியே இருந்த காலம் வேறு. அந்த இரண்டையும் நீங்கள் போன வருடத்திலிருந்தே குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

வைகைக்கரை:
டிஎஸ்ஓ பதில் போட்டிருக்கிறார். விடுப்புப் படிவத்தோடு, நான் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய விமானத்தின் போர்டிங் பாஸும் பாஸ்போர்ட்டில் சென்னை முத்திரை விழுந்த பக்கமும் அனுப்பச் சொல்கிறார். பார்த்த பிறகு பழைய பதிவைத் திறக்க முயற்சி செய்யலாமா, புது ஐ-20ஆ என்று சொல்வாராம்.

கொங்கு ராஜா:
முயற்சி செய்யலாமா என்கிறார் பாருங்கள். முடியாது என்று சொல்லவில்லை.

செல்வி ஓஹையோ:
போர்டிங் பாஸை எதற்குக் கேட்கிறார் ராஜா?