ஓவர்ஹெட் குறை ஈர்ப்பு 90,000: சரக்கில் ஏற்றலாமா? உதவி தேவை

அண்ணாச்சிமாரே, காஸ்டிங் தெரிஞ்சவங்க ஒரு யோசனை சொல்லுங்க. பேட்டையில ஒரு பாத்திரப் பட்டறை. வருஷ பட்ஜெட்டில் நிலையான ஓவர்ஹெட் 12,00,000 ரூபாய், மிஷின் ஓட்டம் 10,000 மணி. அதனால மணிக்கு 120 ரூபாய்னு வீதம் போட்டு ஒவ்வொரு ஜாப் கார்டிலும் ஏத்துனாங்க.

ஓடுனது 9,000 மணிதான். ஏறுனது 10,80,000, உண்மைச் செலவு 11,70,000. ஜாப்ல ஏறாம நின்ன செலவு, அதான் குறை ஈர்ப்பு, 90,000. பட்ஜெட்டைப் பாத்தா செலவில் 30,000 மிச்சம்தான், ஆனா ஓடாத 1,000 மணி 1,20,000-ஐத் தின்னுட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில பிரஸ் மிஷின் சும்மா நின்ன நேரம் அது.

முதலாளி இந்த 90,000-ஐ இறுதிச் சரக்கில் ஏத்தச் சொல்லுதார். அப்படிச் செஞ்சா விக்காத பாத்திரத்தோட மதிப்பு கூடி, இந்த வருஷ லாபம் பொய்யா உசரும். சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் ஏஎஸ் 2 படி சாதாரணத் திறனை வச்சுதான் நிலையான ஓவர்ஹெட்டைச் சரக்கில் ஏத்தணும், மிச்சம் இந்த வருஷச் செலவு. நான் லாப நட்டக் கணக்குக்கே கொண்டுபோறேன்.

என் சந்தேகம் அடுத்த வருஷ வீதம். மழை வருஷா வருஷம் வருது. 9,000 மணியையே சாதாரணத் திறனா எடுத்தா 133.33 ஆகும், கொட்டேஷன் விலை ஏறும். எத்தனை வருஷ சராசரி பாத்து நீங்க முடிவு பண்ணுதீங்க?