ஸாங்கீஃபை விடாம கைல் மேட்ச்ச சமாளிக்க ஐடியா வேணும்

மக்களே, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல ஸாங்கீஃப் ஆடுறவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. டயர் லிஸ்ட் பாத்து ஆள மாத்துற ஐடியா எனக்கு இல்ல, அதெல்லாம் டோர்னமென்ட்ல ரெண்டு பக்கமும் தப்பே பண்ணாம ஆடுவாங்கன்னு வச்சு போடுறது, நம்ம கோல்ட் ரேங்க்ல எவன் அப்படி ஆடுறான்? ஆனா ஸாங்கீஃப கீழ வைக்கறவங்க ஏன்னு எழுதுறாங்கல்ல, அது யூஸ்ஃபுல். தூரத்துல இருந்து அடிக்க அவன்கிட்ட ஒண்ணுமில்ல, கிட்ட போறதுக்குள்ள பாதி உயிர் போயிடும், எனக்கும் கைல்கிட்ட அதான் நடக்குது.

சோனிக் பூம் வந்தா ஜம்ப் பண்றேன், ஃப்ளாஷ் கிக் வாங்குறேன். இப்ப ஜம்ப்ப விட்டுட்டு ட்ரைவ் பேரி பிடிச்சு, கேஜ் கொஞ்சம் ஏறினதும் ரெண்டு அடி நடந்து போறேன், மெதுவா கார்னருக்கு தள்ளிடுறேன். அங்க போனதும் தான் பிரச்சன, நான் ஸ்க்ரூ பைல்டிரைவர் போடுவேன்னு தெரிஞ்சு அவன் எகிறிடுறான், விட்டா மறுபடி முதல்லேந்து.

எகிறுறத பிடிக்க எந்த பட்டன் யூஸ் பண்றீங்க? இந்த ஒரு மேட்சுக்கு மட்டும் வேற ஆள் எடுக்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா? "கென் எடு ப்ரோ"ன்னு மட்டும் யாரும் வந்துடாதீங்க, ஒருத்தன தூக்கி சுத்தி தரைல போடுற சுகம் அதுல இல்ல.