கறுத்தது வெள்ளி, அரித்தது எது?

நீலத்தோடு: "சுத்த வெள்ளி, மேலே தங்க முலாம், கறுக்காது, அலர்ஜி வராது" என்று சொல்லித் தொங்கட்டான் விற்றார்கள். 925 முத்திரையும் இருக்கிறது. மூன்றே வாரத்தில் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது, காது மடலில் அரிப்பு வேறு. போலியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?

செங்கதிர்: போலிதான், சந்தேகமே வேண்டாம். நல்ல வெள்ளி கறுக்கவே கறுக்காது.

முலாம்பட்டறை: நேர் எதிர். வெள்ளிதான் கறுக்கும். காற்றில் கலந்திருக்கும் கந்தகம் பட்டால் வெள்ளியின் மேல் கறுப்பு படியத்தான் செய்யும். தங்க முலாம் பூசிவிட்டால் அது நின்றுவிடாது. மலிவான முலாம் பெரும்பாலும் அரை மைக்ரான்தான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அந்த வழியாகக் கறுப்பு மேலே வந்து படரும்.

ஆனால் "சுத்த வெள்ளி" என்றது தப்பு. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்குதான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. செம்பு சேர்க்காத வெள்ளியில் கொக்கி செய்தால் கையால் அழுத்தினாலே வளைந்துவிடும்.

வெள்ளிக்கடை: கறுப்பது பற்றிச் சொன்னது சரி. அரிப்புக்கு மட்டும் நகையைக் குறை சொல்லாதீர்கள். அலர்ஜி தரும் நிக்கல் 925 வெள்ளியில் பொதுவாகக் கிடையாது, சோப்பு தங்கியிருக்கும்.

முலாம்பட்டறை: வெள்ளியில் இல்லை, சரி. முலாமுக்கு அடியில்? வெள்ளியும் செம்பும் மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஏறி நிறத்தை மங்கடிக்கும். அதைத் தடுக்க நடுவில் இன்னொரு பூச்சு கொடுப்போம். பல்லாடியம் கொடுக்கலாம், செலவு அதிகம். அதனால் பல பட்டறைகளில் நிக்கல்தான். காதுத் துளையில் உரசி உரசிக் கொக்கியில்தான் தங்கம் முதலில் தேயும். அப்புறம் நிக்கல் நேராக வியர்வையில் படும்.

மரகதம்: எனக்கும் இதே அலர்ஜிதான். கவரிங் மோதிரம் போட்டால் சாயங்காலத்துக்குள் விரல் பச்சையாகிவிடும்.

வெண்பஞ்சு: தோல் நோய்ப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். மரகதம், பச்சை சோப்புப் போட்டதும் போய்விடுகிறதா? அப்படியானால் அது அலர்ஜி இல்லை. பித்தளையில் இருக்கும் செம்பு வியர்வையோடு சேர்ந்து விட்ட சாயம். நிக்கல் அலர்ஜியில் தோல் சிவந்து, பொடிப்பொடியாகக் கிளம்பி, அரிக்கும், சிலருக்கு நீர் வடியும். நகை போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தொடங்கும் என்பதால் பலர் நகையைச் சந்தேகப்படுவதே இல்லை. ஒருமுறை உடம்புக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் அப்படியேதான். உறுதி செய்ய முதுகில் பேட்ச் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள்.

செங்கதிர்: பற்பசை வைத்துத் தேய்த்துவிட்டு நெயில் பாலிஷ் பூசினால் இரண்டுக்குமே தீர்வு.

முலாம்பட்டறை: தயவுசெய்து வேண்டாம். பற்பசையில் இருக்கும் பொடி அந்த அரை மைக்ரானையும் வழித்தெடுத்துவிடும். நெயில் பாலிஷ் சில நாள் தாங்கும், உரசும் இடத்தில் முதலில் உரியும்.

நீலத்தோடு, நிக்கல் சோதனைத் திரவம் விற்கிறது. பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு விட்டு அரை நிமிடம் கொக்கியில் தேயுங்கள். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் வெளியே வருகிறது. புது நகையில் நிறம் மாறாவிட்டால் நம்பிவிடாதீர்கள், தேய்ந்த பிறகு மாறலாம்.

நீலத்தோடு: செய்து பார்த்தேன். கொக்கியைத் தேய்த்த பஞ்சு நல்ல இளஞ்சிவப்பு. தொங்கலைத் தேய்த்த பஞ்சில் மாற்றமே இல்லை. அரிப்பும் கொக்கி நுழையும் இடத்தில் மட்டும்தான்.

முலாம்பட்டறை: முத்திரை எதில் இருக்கிறது?

நீலத்தோடு: தொங்கலின் பின்பக்கம். கொக்கியில் எதுவும் இல்லை.

முலாம்பட்டறை: அப்படியானால் கொக்கி வேறு உலோகமாக இருக்கலாம். தேய்ந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முலாமுக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் அது வெள்ளியா நிக்கலா என்று கண்ணால் சொல்ல முடியாது. அழுக்கு மஞ்சள் தெரிந்தால் பித்தளை.

வெள்ளிக்கடை: கொக்கிகளை நான் மொத்தமாக வாங்குகிறேன். உள்ளே என்ன பூச்சு என்று தருபவரே சொல்வதில்லை. அட்டையில் நான் என்ன எழுத?

முலாம்பட்டறை: தொங்கல் என்ன உலோகம், கொக்கி என்ன உலோகம் என்று தனித்தனியாக எழுதுங்கள். பித்தளை மேல் முலாம் என்றால் இமிடேஷன் என்றே எழுதுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. உள்பூச்சு தெரியாத வரை "அலர்ஜி வராது" என்பதை எடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கடை: பக்கத்துக் கடைக்காரர் அதைப் போட்டு விற்கும்போது நான் மட்டும் எடுத்தால் வாங்குபவர் அங்கேதானே போவார்?

வெண்பஞ்சு: அரிப்போடு வருபவர்களை நாங்கள்தான் பார்க்கிறோம். எடுத்துவிடுங்கள்.

நீலத்தோடு: லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கொக்கியின் வளைவில் மஞ்சள்தான். தொங்கலைக் கழற்றி டைட்டானியம் கொக்கியில் மாட்டக் கொடுத்திருக்கிறேன். காது ஆறும் வரை எதுவும் போடப் போவதில்லை.