கலைச்சொல் வேண்டல்: பிளக் அடாப்டர் என்பது மாற்றியா, தகவியா?

ச. எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெளிநாடு போகிறவர்களுக்கான செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கையில் உள்ள பிளக்கின் முள் எப்படி இருக்கிறது என்று தேர்ந்தெடுத்தால், போகிற நாட்டுச் சாக்கெட்டில் அது நுழையுமா, நுழையாவிட்டால் எந்த அடாப்டர் வேண்டும் என்று செயலி சொல்லும். முக்கால்வாசி முடித்துவிட்டேன். இந்த வரியில்தான் மாட்டிக்கொண்டேன்:

```
msgid "This adapter does not convert voltage."
msgstr "இந்த மாற்றி மின்னழுத்தத்தை மாற்றாது."
```

மாற்றாத மாற்றி! எழுதிவிட்டு நானே சிரித்தேன். வேறு சொல் இருந்தால் தாருங்கள். 'பின்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 'மூன்று பின் செருகவும்' என்று எழுதினால் மூன்றுக்குப் பிறகு எதைச் செருகுவது என்று கேட்கிறார்கள்.

இ. எழுதியது:

மாற்றி என்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். செருகியின் வடிவத்தை அது மாற்றுகிறதல்லவா? 'செருகுமாற்றி' என்று வைத்துக்கொள்ளலாம். மின்னழுத்தம் பற்றிய எச்சரிக்கையே தேவையில்லை என்பேன். மின்னழுத்தம் வேறாக உள்ள இடத்தில் தவறிச் செருகிவிடக் கூடாது என்றுதான் நாட்டுக்கு நாடு சாக்கெட்டின் வடிவத்தையே வேறாக வைத்திருக்கிறார்கள். நுழைந்தால் வேலை செய்யும், அவ்வளவுதான்.

ர. எழுதியது:

என் மடிக்கணினி அடாப்டர் கொஞ்ச நாளாக ரொம்பச் சூடாகிறது. அதில் 19 வோல்ட் என்று போட்டிருக்கிறது. வெளிநாட்டில் 230 வோல்ட் இருந்தால் தாங்குமா? அதற்குத் தனியாக மாற்றி வாங்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

மா. எழுதியது:

முப்பது வருடம் மின்பணி செய்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ர. தம்பிக்கு. நீங்கள் கேட்பது சார்ஜர். இங்கே பேச்சு பிளக் வடிவத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்னத் துண்டைப் பற்றியது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பதற்கு உங்கள் கேள்வியே சாட்சி. 19 வோல்ட் என்பது வெளியே வருவது. உள்ளே போவது இன்னொரு வரியில் இருக்கும், இப்படி:

```
INPUT: 100-240V~ 50/60Hz
```

இது இருந்தால் மின்னழுத்தத்துக்காக எதுவும் வாங்க வேண்டாம். சூடாவது வேறு சங்கதி, அதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

இ. அவர்கள் சொன்னதில் பாதி சரி. சில வடிவங்கள் அப்படித் தடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் இரண்டு தட்டை முள் இணையாக நிற்கும் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அது நுழையும், 120 வோல்ட். ஜப்பானில் நுழையும், 100 வோல்ட். சீனாவிலும் நுழையும், அங்கே 220 வோல்ட். அடாப்டரே தேவைப்படாத இடத்தில்கூட மின்னழுத்தம் இரண்டு மடங்காகலாம். ஆகவே எச்சரிக்கை வரியை எடுக்கக் கூடாது. சொல்லிலும் மாற்றி வரக் கூடாது. மின்மாற்றி என்பது பாடப்புத்தகத்திலேயே வேறு பொருளுக்குப் போய்விட்டது. செருகுமாற்றி என்று படிக்கிறவர் இதுவும் வோல்ட்டைக் குறைக்கும் என்று எண்ணி, 120 வோல்ட் முடியுலர்த்தியை 230 வோல்ட்டில் செருகுவார்.

ந. எழுதியது:

மா. ஐயா சொன்னது என் தலையில் நடந்தது. அமெரிக்காவில் இருந்தபோது வாங்கிய எக்ஸ்டென்ஷன் போர்டு, சர்ஜ் காப்பு உள்ளது. 230 வோல்ட் உள்ள நாட்டுக்குக் கொண்டுபோனேன். கைப்பேசி சார்ஜர், மடிக்கணினி சார்ஜர் எல்லாவற்றிலும் 100-240 என்று பார்த்துவிட்டுத்தான் போனேன். பிளக் அடாப்டரில் போர்டைச் செருகினேன். ஒரு 'டப்', பிறகு கருகின நாற்றம், அறை முழுக்க இருட்டு. போர்டைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் `125V 15A` என்று இருக்கிறது. அதில் மாட்டுகிற சாமான்களை எல்லாம் படித்தவள் போர்டைப் படிக்கவில்லை.

மா. எழுதியது:

அம்மா, நல்ல வேளை, அதோடு போயிற்று. சர்ஜ் காப்புக்காக உள்ளே ஒரு வட்ட வில்லை இருக்கும். குறிப்பிட்ட வோல்ட்டைத் தாண்டினால் அது மின்சாரத்தைத் தன் வழியே விட்டுவிடும். கணப்பொழுது வரும் எழுச்சிக்கு அது சரி. 120 வோல்ட்டுக்கு அளவெடுத்த வில்லைக்கு 230 என்பது ஓயாத எழுச்சி. அதனால்தான் வெடித்தது.

இந்தச் சம்பவத்திலிருந்து செயலிக்கும் ஒன்று எடுக்கலாம். போர்டு என்பது பிளக், சாக்கெட் இரண்டும் உள்ள பொருள். அதன் வாலில் என்ன முள், முகத்தில் என்ன துளை, முதுகில் என்ன வோல்ட் என்று மூன்றையும் கேட்க வேண்டும். செயலி வாலை மட்டும்தான் கேட்கிறது போலிருக்கிறது.

க. எழுதியது:

'தகவி' என்ற சொல் ஏற்கெனவே கலைச்சொல் பட்டியல்களில் அடாப்டருக்கு இருக்கிறது. தகவாக நிற்பது தகவி. எதையும் மாற்றுவதாகச் சொல்லவில்லை, இரண்டுக்கு நடுவே ஒத்துப்போக வைப்பதாகத்தான் சொல்கிறது. 'செருகித் தகவி' என்று இரண்டு சொல்லாக வைத்தால் ர. அவர்களின் சார்ஜரோடும் குழம்பாது.

'பின்' வேண்டாம். 'முனை' நேர்முனை, எதிர்முனை என்று வேறு வேலையில் இருக்கிறது. தராசு முள், கடிகார முள் மாதிரி இதுவும் 'முள்'. ஆங்கில எழுத்து வைத்து 'டி வகை', 'ஜி வகை' என்று தமிழில் எழுதுவதும் எனக்கு உவப்பில்லை. வடிவத்தைப் பெயரிலேயே சொல்லிவிடலாம்: வட்டமுள், தட்டைமுள், சாய்முள்.

இ. எழுதியது:

தகவி என்றால் தெருவில் யாருக்குப் புரியும்? மாற்றி என்றால் குழந்தைக்கும் தெரியும். சீனா விஷயம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். சொல்லில் மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை.

மா. எழுதியது:

வடிவப் பெயர் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வட்டமுள் என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்று வட்டமுள் பிளக் இரண்டு அளவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் அழுத்திப் பாருங்கள். தாளை ஒரு துணிமேல் விரித்து, பிளக்கை நேராக அழுத்தினால் மூன்று பள்ளம் விழும். கீழ் இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளவுகோலை வையுங்கள். 19 மில்லிமீட்டர் வந்தால் சின்னது, டி வகை. ஓர் அங்குலம், அதாவது 25.4 வந்தால் பெரியது, எம் வகை. தென்னாப்பிரிக்காவில் பரவலாக உள்ளது பெரியது. மூன்று முள்ளும் வட்டம்தானே என்று சின்னதைக் கொண்டுபோனால் துளைக்குள் நிற்காது. வேடிக்கை என்னவென்றால், சின்ன பிளக்கின் எர்த் முள்ளும் பெரிய பிளக்கின் மின்முள்ளும் ஏறக்குறைய ஒரே தடிமன், 7 மில்லிமீட்டர். கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாறத்தான் வேண்டும்.

இப்போது ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். 19 மில்லிமீட்டர் வந்த போர்டோடு ஒருவர் ஜெர்மனி போகிறார். அங்கே சாக்கெட் ஒரு வட்டக் குழி. உள்ளே இரண்டு துளை, அவற்றுக்கும் 19 மில்லிமீட்டர்தான் இடைவெளி. குழியின் விளிம்பில் மேலும் கீழும் இரண்டு உலோகப் பட்டை, அதுதான் எர்த். நம் பிளக்கின் மூன்றாவது முள்ளுக்கு அங்கே துளையே இல்லை, உடலும் குழிக்குள் இறங்காது. ஆக, தகவி வேண்டும்.

இங்கேதான் வாங்குகிறவர் தவறுவார். கடையில் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்றில் 4 மில்லிமீட்டர் மெல்லிய முள் இரண்டு, வேறொன்றும் இல்லை. முகத்தில் எர்த்துக்கு மூன்றாவது துளை இருக்கும், அதன் பின்னால் வெறும் பிளாஸ்டிக். மற்றொன்றில் முள் 4.8 மில்லிமீட்டர், உடலின் பக்கத்தில் உலோகப் பட்டை ஓடும். முதலாவதில் போர்டுக்கு மின்சாரம் வரும், சார்ஜர் எல்லாம் வேலை செய்யும், எர்த் மட்டும் இருக்காது. கைப்பேசி சார்ஜருக்கு அது பரவாயில்லை. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அந்தச் சாதனத்துக்கு எர்த் தேவையில்லை என்று அர்த்தம். உலோக உடல் கொண்ட இஸ்திரிப்பெட்டியை அதில் மாட்டக் கூடாது.

சோதிப்பது எளிது. தகவியைச் சுவரில் மாட்டாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து, ஒரு முனையை எர்த் துளைக்குள், மற்றதைப் பக்கத்துப் பட்டையில். 'பீப்' வந்தால் எர்த் போகிறது.

அப்புறம் ஆம்பியர். தகவியில் 6 ஆம்பியர் என்று இருந்தால் 230 வோல்ட்டில் மொத்தம் 1380 வாட்தான். போர்டில் ஐந்து துளை இருக்கிறதே என்று 2000 வாட் கெட்டிலை மாட்டினால் ஒன்பது ஆம்பியரை நெருங்கும். முதலில் தகவியின் முகம் வெதுவெதுப்பாகும், பிறகு பிளாஸ்டிக் பழுப்பேறும். வெதுவெதுப்பிலேயே கழற்றிவிடுங்கள்.

ர. எழுதியது:

நன்றி ஐயா. என் சார்ஜரில் 100-240 இருக்கிறது. அதன் வாலில் மூன்று வட்டமுள்தான். இப்போது தாளில் அழுத்திப் பார்த்தேன், 19 வந்தது. அப்படியென்றால் எனக்கு வேண்டியது தகவிதான் போல.

க. எழுதியது:

பாருங்கள், தகவி தெருவுக்கு வந்துவிட்டது.

ந. எழுதியது:

எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு என்ன? 'நீட்டிப்புப் பலகை' என்றால் ஏதோ அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது. என் வீட்டில் போர்டு என்றுதான் சொல்கிறோம், அப்படியே விடலாம் என்பது என் ஓட்டு.

ச. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போர்டு அப்படியே இருக்கட்டும். முள், வட்டமுள், தட்டைமுள் எடுத்துக்கொள்கிறேன். டி, எம் என்ற எழுத்துகளை நீக்க முடியாது, தகவியின் பெட்டிமேல் அவைதான் அச்சாகியிருக்கும். அதனால் எழுத்தும் வடிவமும் சேர்ந்து வரும். தாளில் அழுத்தி அளக்கும் படியை உதவிப் பக்கத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், போர்டின் முதுகு பற்றிய கேள்வியையும். எச்சரிக்கை வரி இப்போது இப்படி:

```
msgstr "இந்தச் செருகித் தகவி வடிவத்துக்கு மட்டுமே. வோல்ட் மாறாது."
```

எர்த்தைக் கடத்தும் தகவிக்கும் கடத்தாததற்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். 'நிலத்தகவி' என்று யோசித்தேன், நிலம் விற்கிறவர் பெயர் போல இருக்கிறது. அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இ. எழுதியது:

'எர்த் உள்ள தகவி', 'எர்த் இல்லாத தகவி'. தகவி என்று எழுதிவிட்டேன், யாரும் கிண்டல் செய்ய வேண்டாம்.

க. எழுதியது:

எர்த் தமிழா, இ. அவர்களே?