முகவைக்குள் விரல் விட்டால் தராசு ஏறவில்லை. தரம் 10, நாளை மறுபடி அதே வகுப்பு. உதவி தேவை

துணுக்காய்_விஞ்ஞானம்
வணக்கம். எதிர்வுகூறு, அவதானி, விளக்கு முறையில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கொடுத்தேன். தராசின் மேல் தண்ணீர் முகவை இருக்கிறது. அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் விரலை உள்ளே விட்டால் வாசிப்பு கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? அநேகமானோர் அப்படியே இருக்கும் என்றுதான் எழுதினார்கள். "விரலைக் கைதானே தாங்குகிறது" என்பது காரணம். செய்து காட்டினால் வாசிப்பு அசையவே இல்லை! வகுப்பே கைதட்டியது. கூட வேண்டும் என்பது எனக்குத் தெரியும், வீட்டில் செய்தபோது கூடியது. தராசு பழுதா? பிள்ளைகளுக்கு இனி என்ன சொல்வது?

மல்லாவி_ரீச்சர்
என்ன தராசு? முகவையில் எவ்வளவு தண்ணீர்? விரல் எவ்வளவு ஆழம் போனது? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது சேர்?

குளக்கட்டு
எனக்குக் காரணம் தெரியும். முகவையை விளிம்பு வரை நிரப்பியிருப்பீர்கள். விரல் போனதும் தண்ணீர் வழிந்து தட்டுக்கு வெளியே போயிருக்கும். விரல் இடம்பெயர்த்த தண்ணீரின் நிறையும் வழிந்த தண்ணீரின் நிறையும் ஒன்று. கூடியதும் குறைந்ததும் சரியாகிவிடும், வாசிப்பு மாறாது. கொஞ்சம் குறைவாக நிரப்பிச் செய்து பாருங்கள்.

உயர்தர_பௌதிகம்
இதற்கு ஒரு இழை தேவையா? தண்ணீர் விரலை மேலே தள்ளுகிறது, நியூற்றனின் மூன்றாம் விதிப்படி விரல் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. கரும்பலகையில் விசைப்படம் கீறினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விடயம். வாக்கெடுப்பு நடத்திப் பௌதிகம் படிப்பித்தால் இப்படித்தான் கைதட்டல் கிடைக்கும். முதலில் அடிப்படையைத் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

புதுக்குடியிருப்பு_கடை
தம்பி, நான் ஆசிரியர் இல்லை, கடை வைத்திருக்கிறேன். பற்றரி இறங்கினால் என் தராசும் இப்படித்தான் ஏறாமல் நிற்கும். தேங்காய் எண்ணெய் நிறுக்கும்போது பெரிய தலையிடி. பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

துணுக்காய்_விஞ்ஞானம்
சமையலறை டிஜிட்டல் தராசு. 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் படி. பற்றரி புதிது. முகவை பாதிதான் நிரம்பியிருந்தது, ஒரு சொட்டும் வழியவில்லை. பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று TARE அழுத்தி 0 ஆக்கிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி விரலை மெதுவாக இரண்டு மூட்டு ஆழம் இறக்கினேன். கடைசி வரை 0. விரலை வெளியே எடுத்தவுடன் -13 காட்டியது. பழுது என்று நான் நினைக்க அதுதான் காரணம்.

ஓய்வுநிலை_முல்லை
தம்பி, அந்த -13 இல்தான் விடை இருக்கிறது. தராசு பழுதில்லை.

இந்த வகைத் தராசுகள் பலவற்றில் பூச்சியத்தைத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு வசதி இருக்கிறது. சூட்டாலும் தட்டில் படிகிற தூசியாலும் பூச்சியம் மெல்ல மெல்ல நகரும். அதனால் 0 க்குப் பக்கத்தில் சிறிய மாற்றம் மெதுவாக வந்தால், அதைப் பாரம் என்று எடுக்காமல் நகர்வு என்று எடுத்து மறுபடி 0 ஆக்கிவிடும். நீங்கள் விரலை மெதுவாக இறக்கியபோது அரைக் கிராம், இன்னொரு அரைக் கிராம் என்று கூடிய ஒவ்வொன்றையும் அது விழுங்கிவிட்டது. கடைசியில் விரலும் தண்ணீரும் சேர்ந்த நிலையையே பூச்சியம் என்று வைத்துக்கொண்டது. விரலைச் சட்டென்று எடுத்ததும், ஏறிய அதே அளவு இறங்கியதைக் காட்டிவிட்டது. இரண்டு மூட்டு விரலின் கனவளவு ஏறத்தாழ 13 கன சென்ரிமீற்றர் இருக்கலாம். கணக்கு ஒத்துப்போகிறது.

வீட்டில் TARE அழுத்தாமல் செய்திருப்பீர்கள், அல்லது விரலை வேகமாக விட்டிருப்பீர்கள்.

குளக்கட்டு
அப்படியென்றால் -13 விரலில் ஒட்டி வந்த தண்ணீராக இருக்கலாமே? ஈர விரலோடு தண்ணீரும் வெளியே வருகிறது.

ஓய்வுநிலை_முல்லை
வரும், ஆனால் ஒரு விரலில் ஒட்டுவது சில சொட்டுத்தான். 13 கிராம் என்றால் மூன்று தேக்கரண்டிக்குக் கிட்டத் தண்ணீர், அவ்வளவு விரலில் நிற்காது. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. TARE அழுத்தி, விரலைச் சட்டென்று விட்டுச் சட்டென்று எடுங்கள். இப்போது எடுத்தபின் நிற்கும் கழித்தல் எண் ஒட்டிய தண்ணீர் மட்டுமே. அது 1 ஐத் தாண்டாது என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன வழிதல் கதை பிழையில்லை, இந்த முகவைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதை வகுப்பில் அடுத்த கேள்வியாகவே கொடுக்கலாம்.

புதுக்குடியிருப்பு_கடை
ஐயா சொல்வது உண்மை. 0 இல் இருக்கும்போது சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் என் தராசு ஏறாது. ஒரு பிடி போட்டுவிட்டுப் பிறகு தூவினால் ஒவ்வொரு கிராமும் காட்டும். இத்தனை காலம் பற்றரி என்றுதான் நினைத்தேன்.

மல்லாவி_ரீச்சர்
அப்போ நாளைக்கு TARE அழுத்தாமல், முகவையின் நிறை தெரியும்படியே விட்டுச் செய்தால் சரிதானே?

ஓய்வுநிலை_முல்லை
சரி ரீச்சர். வாசிப்பு 0 க்குத் தூரத்தில் இருந்தால் இந்தத் திருத்தம் பொதுவாக வேலை செய்யாது. இல்லாவிட்டால் TARE அழுத்திய பிறகு தட்டில் ஒரு சிறிய கல்லை வைத்துவிட்டுத் தொடங்கலாம்.

ஆனால் எனக்குத் தராசை விட வகுப்புத்தான் கவலை. நாளைக்குப் போய், "நேற்றுத் தராசு பிழை, உண்மையில் கூடும்" என்று சொல்லிவிடாதீர்கள் தம்பி. ஆசிரியரின் விடையோடு ஒத்துப்போகாத அவதானத்தைத் தூக்கி எறியலாம் என்று பிள்ளை படித்துவிடும். அவர்கள் கண்டது 0 தான், அது நேர்மையான அவதானம். அதோடு -13 ஐயும் கரும்பலகையில் எழுதி, "விரல் போகும்போது மாறாத தராசு, வரும்போது ஏன் மாறியது?" என்று கேளுங்கள். விரலை மெதுவாக இறக்கினால் என்ன, வேகமாக இறக்கினால் என்ன என்று இரண்டுக்கும் தனித்தனியாக எதிர்வுகூறி எழுதட்டும். அப்புறம் செய்து காட்டுங்கள்.

இன்னொன்று. கண்டதை, கதைக்கத் தொடங்குவதற்கு முன்னரே ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும். 1980களிலும் 1990களிலும் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ரிச்சட் வைற், ரிச்சட் கன்ஸ்ரன் இருவரும் இந்த எதிர்வுகூறு, அவதானி, விளக்கு முறையை வளர்த்தபோது இதை வலியுறுத்தினார்கள். ஒரே செய்முறையைப் பார்த்தாலும், எதிர்பார்த்ததையே கண்டதாகச் சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள்.

உயர்தர_பௌதிகம்
ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். 40 நிமிடப் பாடவேளையில் ஒரு விரலுக்கு இத்தனை சடங்கா? சாதாரண தரப் பரீட்சையில் மேலுதைப்புக் கணக்கு வரும், தராசின் உள்வேலை வராது.

மல்லாவி_ரீச்சர்
கணக்கு வரும்தான். ஆனால் என் வகுப்பில் ஆக்கிமிடிசு தத்துவத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கிற பிள்ளைதான் "தராசு மாறாது" என்று எழுதினாள். தண்ணீர் விரலைத் தள்ளும் என்பது அவளுக்குத் தெரியும், அந்த விசைக்கு மறுபக்கம் இருக்கிறது என்பதுதான் தெரியாது. விசைப்படத்தில் நீங்கள் விரலை மட்டும் கீறினால் அது எப்போதும் தெரியப்போவதில்லை.

உயர்தர_பௌதிகம்
ஆசிரியர் இரண்டையும் கீறினால் தெரியும். கை உயர்த்தச் சொல்லி வாக்கு எடுத்தால் மட்டும் தெரிந்துவிடுமா? முதல் மாணவன் எந்தப் பக்கமோ எல்லோரும் அந்தப் பக்கம்.

மல்லாவி_ரீச்சர்
அதனால்தான் கை உயர்த்தச் சொல்வதில்லை. பெயர் இல்லாத துண்டில் எழுதி, காரணத்தோடு மடித்துத் தரச் சொல்வேன். பிழையாக எழுதினால் சிரிப்பார்கள் என்று ஒளிக்கிற பிள்ளைகளும் அப்போது எழுதும்.

குளக்கட்டு
பெயர் இல்லாவிட்டால் யார் எங்கே தடுமாறுகிறார் என்று எப்படிப் பின்னர் பார்ப்பது? நான் பெயரோடுதான் வாங்குவேன். புள்ளி கிடையாது என்று முன்னரே சொல்லிவிட்டால் போதும்.

துணுக்காய்_விஞ்ஞானம்
வாக்குவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்வோமா? "கைதானே தாங்குகிறது" என்பதற்கு என்ன செய்வது?

ஓய்வுநிலை_முல்லை
அது நல்ல காரணம், பாதி உண்மை. எவ்வளவைக் கை தாங்குகிறது என்று அளந்து காட்டுங்கள். விரலுக்குப் பதிலாக ஒரு கருங்கல்லை நூலில் கட்டி விற்றராசில் தொங்கவிடுங்கள். கல் 156 கிராம், கனவளவு 60 கன சென்ரிமீற்றர் என்று வையுங்கள். முகவையும் தண்ணீரும் கீழ்த் தராசில் 400 காட்டட்டும்.

கல் முழுவதும் தண்ணீருக்குள் போய், அடியில் முட்டாமல் நிற்கும்போது விற்றராசு 96 க்கு இறங்கும், கீழ்த் தராசு 460 க்கு ஏறும். கை விட்டுக்கொடுத்த 60 தான் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறது. இறக்கும்போதே இரண்டு வாசிப்பையும் இரண்டு பிள்ளைகள் மாறி மாறி உரக்க வாசிக்கட்டும், கூட்டுத்தொகை எப்போதும் 556. கல்லை அடியில் இருக்கவிட்டு நூலைத் தளர்த்தினால் கீழே 556, மேலே 0. கல் பக்கச் சுவரில் உரசினால் எண்கள் ஆடும், அதைக் கவனியுங்கள். விற்றராசு நியூற்றனில் இருந்தால் 100 கிராமை 1 நியூற்றன் என்று எடுத்தால் போதும்.

"கல் அடியில் முட்டவில்லையே, கீழ்த் தராசுக்கு எப்படித் தெரியும்?" என்று எவராவது கேட்டால், நீர்மட்டத்தைக் காட்டுங்கள். முகவையின் அடி 40 சதுர சென்ரிமீற்றர் என்றால், கல் போனதும் மட்டம் ஒன்றரை சென்ரிமீற்றர் உயரும். அடியில் அமுக்கம் அந்தளவு கூடும். ஒன்றரையை 40 ஆல் பெருக்கினால் அதே 60. இந்தக் கணக்கு நேர்ச் சுவர் உள்ள பாத்திரத்துக்கு மட்டும். வாய் அகன்ற பிளாஸ்ரிக் கப் வைத்தால் சுவரும் பாரத்தில் பங்கு எடுக்கும், அடியின் அமுக்கத்தை மட்டும் வைத்து விளக்கினால் எண் பொருந்தாது.

உயர்தர_பௌதிகம்
556 என்ற கூட்டுத்தொகை நல்லது. அதை மட்டும் செய்தாலே போதும், விரல் தேவையில்லை.

மல்லாவி_ரீச்சர்
விரல் இல்லாமல் அந்தக் கேள்வி பிள்ளைக்கு வராது என்று நான் நினைக்கிறேன். சேர், நாளைக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

துணுக்காய்_விஞ்ஞானம்
சுருக்கமாக: TARE இல்லாமல் 387, விரல் விட 399. மெதுவாக இறக்கினாலும் ஏறியது. -13 ஏன் என்று ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்தாள், மற்றவர்கள் அவளோடு வாதாடினார்கள். மணி அடித்துவிட்டது. விற்றராசு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்து வரவேண்டும். அடியில் நூலால் கட்டிய மிதக்கும் பந்துக்கு வாசிப்பு எப்படி இருக்கும் என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான், திங்கட்கிழமைக்குள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

குளக்கட்டு
பந்தா? மேலுதைப்பு அளவு கூடும், கல்லைப் போலத்தான்.

மல்லாவி_ரீச்சர்
நூல் முகவையின் அடியையும் மேலே இழுக்கிறதே. பந்தின் நிறை மட்டும்தான் கூடும் என்று எனக்குப் படுகிறது. எழுதிவைத்துவிட்டுச் செய்து பாருங்கள்.