எருமைக் கொழுப்பு வெள்ளை, அதை வைத்து என்ன தெரியும்?

உட்லண்ட்ஸ் குமார்: ஜொகூரில் விற்கிற இந்திய எருமை இறைச்சி கறுத்துப் போன பழைய சரக்கு, அதனால்தான் மலிவு. கொழுப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: வெள்ளை என்றால் எருமை, மஞ்சள் என்றால் மாடு. இதுகூடத் தெரியாமல் வாங்குகிறார்கள்.

ஜூரோங் ரஃபி: குமார், இறைச்சி வெட்டும் வேலையில் வயதைக் கழித்தவன் நான், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எருமைத் தசை இயல்பிலேயே கருஞ்சிவப்பு. தசைக்கு நிறம் கொடுக்கிற மயோகுளோபின் அதில் அதிகம், வயது ஏற ஏற இன்னும் கூடும். வெட்டி வைத்தால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் பழுப்பாகும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. கெட்டதா என்று பார்க்க வேண்டுமா, முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடிக்கும், விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்.

உட்லண்ட்ஸ் குமார்: நீங்கள் நிறத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கொழுப்பைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை என்றால் எருமை. எங்கள் தாத்தா ஊரில் எருமை வைத்திருந்தார், எனக்குத் தெரியாதா?

ஜூரோங் ரஃபி: எருமைக் கொழுப்பு வெள்ளை, அதை யார் மறுத்தது? புல்லில் இருக்கிற கரோட்டீன் என்ற மஞ்சள் நிறப் பொருளை எருமை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும், அதனால்தான் அதன் பாலும் வெள்ளை. புல் மேய்ந்த மாட்டில் அந்த மஞ்சள் கொழுப்பிலேயே தங்கும். ஆனால் தானியம் தின்று வளர்ந்த ஆஸ்திரேலிய மாட்டின் கொழுப்பு என்ன நிறம்? அதுவும் வெள்ளைதான். நம் பேரங்காடிக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளைக் கொழுப்பை மட்டும் பார்த்து எருமை என்று சொன்னால் பாதி அலமாரியும் எருமைதான்.

செம்பவாங் செல்வி: அண்ணே, என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். போன மாதம் ஜொகூரில் அண்ணி வீட்டில் எருமை இறைச்சி வாங்கி மிளகுப் பிரட்டல் செய்தேன். எண்ணெயில் போட்டதும் சட்டி நிறையத் தண்ணீர் விட்டது, கடைசியில் கயிறு மாதிரி ஆகிவிட்டது. இத்தனைக்கும் மாட்டிறைச்சிக்கு வைக்கிற நேரம்தான் வைத்தேன்.

ஜூரோங் ரஃபி: தங்கச்சி, பாதி உறைந்தபடியே போட்டிருப்பீர்கள். உறைந்த கட்டியை முதல் நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இரவு முழுக்க இளக விடுங்கள். வடிந்த நீரைக் கொட்டிவிட்டுத் துண்டுகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். நார் ஓடுகிற திசைக்குக் குறுக்காக வெட்டுங்கள். பெரும்பாலும் வயதான கறவை எருமை, அதன் இணைப்புத் திசு கெட்டிப்பட்டிருக்கும். தசைக்குள் கொழுப்பும் குறைவு, அதனால் பெருந்தீயில் கொதிக்க வைத்தால் காய்ந்து சுருங்கும். மூடி போட்டுச் சிறுதீயில் இரண்டு, இரண்டரை மணி நேரம் விடுங்கள். முள்கரண்டி குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அதற்கப்புறம் மிளகைத் தூவிப் பிரட்டுங்கள்.

பிடோக் பெரியம்மா: எங்கள் வீட்டில் மாடும் கிடையாது, எருமையும் கிடையாது. எருமையும் மாட்டு இனம்தானே, எதற்கு இந்தப் பேச்சு?

உட்லண்ட்ஸ் குமார்: பெரியம்மா, அந்தக் கதை வேறு. ரஃபி, அதுதான் நானும் சொன்னேன், பழைய எருமை, அதனால் மலிவு. நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

ஜூரோங் ரஃபி: எதை ஒத்துக்கொண்டேன்? பழைய எருமை வேறு, பழைய இறைச்சி வேறு. விலை ஏன் குறைவு தெரியுமா? இந்தியாவில் எருமையைப் பாலுக்காக வளர்க்கிறார்கள். பால் வற்றியதும் விற்கிறார்கள். வளர்த்த செலவைப் பாலே ஈடுகட்டிவிட்டது, இறைச்சிக்கென்று தனியாகத் தீனி போடவில்லை. ஆஸ்திரேலியாக்காரர் இறைச்சிக்காகவே மாதக்கணக்கில் தானியம் போடுகிறார், அந்தச் செலவு விலையில் ஏறும். இன்னொன்று, கோமாரி நோய் இந்தியாவில் இருப்பதால் ஜப்பான், அமெரிக்கா போன்ற பணக்காரச் சந்தைகள் அதை வாங்குவதில்லை. வாங்குகிற நாடுகளுக்கும் எலும்பு நீக்கி, நிணநீர்ச் சுரப்பி எடுத்து, உறைய வைத்துத்தான் அனுப்ப வேண்டும். வாங்க ஆள் குறைந்தால் விலை இறங்கத்தான் செய்யும். பசு இறைச்சி ஏற்றுமதிக்கு அங்கே தடை, அதனால் போவது எருமை மட்டும்தான்.

செம்பவாங் செல்வி: குக்கரில் வைக்கலாமா?

ஜூரோங் ரஃபி: தாராளமாக. விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாற்பது நிமிடம். அப்புறம் ஆவி தானாக அடங்கட்டும், உடனே திறந்தால் துண்டு விறைத்துக்கொள்ளும். ரெண்டாங் செய்தால் இன்னும் நன்றாக வரும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு, இறைச்சியில் இல்லாததை ஈடுகட்டும்.

உட்லண்ட்ஸ் குமார்: ரெண்டாங் மலாய்க்காரர் சமையல், நம் பிரட்டலைப் பற்றித்தான் கேட்டார். எது எப்படியோ, மஞ்சள் என்றால் மாடு.

ஜூரோங் ரஃபி: மஞ்சள் என்றால் மாடு, சரி. வெள்ளை என்றால் எருமை என்று மட்டும் இனிமேல் யாரிடமும் சொல்லாதீர்கள்.

உட்லண்ட்ஸ் குமார்: சொல்வேன். வெள்ளை என்றால் எருமை.