நிறுவனத்தை விற்பதா, பட்டியலிடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் நானும் நண்பரும் நடத்தும் மென்பொருள் நிறுவனத்தை 20 கோடிக்கு வாங்கிக்கொள்ள ஒருவர் கேட்கிறார். எங்கள் முதலீட்டாளர் 6 கோடி போட்டு 25 சதவீதம் வைத்திருக்கிறார். நேற்று இரவு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்த பிறகுதான் புரிந்தது: விற்றால் முதலில் அவருடைய 6 கோடி, அப்புறம் மீதி 14 கோடியிலும் 25 சதவீதம். ஆக அவருக்கு 9.5 கோடி, எங்கள் இருவருக்கும் 10.5. அதிலும் 4 கோடி, இரண்டு ஆண்டு விற்பனை இலக்கை எட்டினால்தான் கிடைக்கும்.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ பங்குச் சந்தையில் பட்டியலிட்டால் அவருடைய முன்னுரிமைப் பங்குகள் சாதாரணப் பங்குகளாக மாறிவிடும், அந்தச் சலுகையும் போய்விடும். ஆனால் புரமோட்டர்களான எங்கள் பங்கில் ஒரு பகுதியைச் சில ஆண்டுகள் விற்க முடியாது. நண்பரோ என் பங்கைத் தானே தவணையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்.

விற்கும் நேரத்தில் முதலீட்டாளரிடம் பேசி இந்த இரட்டைப் பங்கை யாராவது குறைத்திருக்கிறீர்களா? வாங்கியவரே விற்பனைக் குழுவைக் கலைத்து இலக்கு தவறினால் அந்த 4 கோடியைக் காப்பாற்ற ஒப்பந்தத்தில் என்ன எழுதினீர்கள்? வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.